மொந்திரியான் கவுன்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. கடைக்கு இரண்டாவது மெஷின் வாங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, அதுவே பெரிய நிம்மதி.

சரி, உன் அண்ணன் மகள் படத்தைக் காட்டித் தைக்கச் சொன்னாளே, அந்தக் கவுனுக்கு வருகிறேன். அது பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரன் 1965-இல் பாரிஸில் காட்டியது. டச்சு ஓவியர் மொந்திரியானின் ஓவியத்தைப் பார்த்து வடிவமைத்தது. வெள்ளைப் பரப்பு, கறுப்புக் கோடுகள், சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள், அவ்வளவுதான். சான் லோரன் தொழில் கற்றது டியோர் ஆடை நிறுவனத்தில். 1947-இலிருந்து அங்கே இடுப்பை இறுக்கி, பாவாடையை விரித்துத் தைத்ததுதான் பேர்போனது. இந்தக் கவுனிலோ இடுப்பே கிடையாது. தோளிலிருந்து முழங்கால் வரை நேராக இறங்குகிறது.

துணியில் அச்சடித்தது என்றுதான் படத்தைப் பார்த்தால் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கட்டமும், ஒவ்வொரு கறுப்புக் கோடும் தனித்தனியாக வெட்டிய கம்பளி ஜெர்சித் துண்டு. உடம்பின் வளைவுக்கு வேண்டிய டாட் மடிப்பு எல்லாவற்றையும் அந்தத் தையல்களுக்குள்ளேயே மறைத்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கவுனில் உயிர் அங்கேதான் இருக்கிறது. வெளியே தட்டையான ஓவியம், உள்ளே ஒரு பெண்ணின் உடம்பு.

நீ தைப்பதானால் மார்பு டாட்டைத் தனியாகப் பிடிக்காதே. பேப்பர் பேட்டர்னில் அதை மூடி, மார்புக்கு அருகே போகும் குறுக்குக் கோட்டுக்கும் நெடுக்குக் கோட்டுக்கும் பிரித்துக் கொடு. முழுவதையும் ஒரே தையலில் எடுத்தால் கோடு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். மேல் துண்டின் விளிம்பில் வரும் லேசான வளைவைக் கறுப்புப் பட்டையோடு சேர்க்கும்போது ஜெர்சியை இழுக்காமல் தை. இழுத்தால் அலை அலையாக நிற்கும், இஸ்திரி போட்டாலும் முழுசாகப் போகாது. தையல் விளிம்புகளைக் கறுப்பின் பக்கமாக மடித்து இஸ்திரி போடு, இல்லாவிட்டால் வெள்ளைக்குள் நிழல் தெரியும். கட்டாயம் லைனிங் கொடு.

அவளை நிற்க வைத்துப் பார்க்கும்போது குறுக்குக் கோடுகள் தரைக்கு இணையாக இருக்கின்றனவா என்று பக்கவாட்டிலிருந்தும் பார். முன்பக்கம் மேலே ஏறினால் மார்புக்கு விட்ட துணி போதவில்லை என்று அர்த்தம். இதை முதலில் காடாத் துணியில் பார்த்துக்கொள். ஜெர்சியை வெட்டிய பிறகு சரிசெய்ய இடமிருக்காது.

அந்தக் காலத்திலேயே இதை மலிவாக நகலெடுத்துக் குவித்தார்கள். அச்சடித்த துணியில் தைத்த நகலில் கோடுகள் துணியோடு போகும், மார்புக்கு மேல் வளையும். பழைய கவுன் யாராவது காட்டினால் கோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார், அங்கே தையல் இருக்கிறதா என்று.

அண்ணன் மகளின் மார்பு, தோள், உயர அளவுகளை எழுதி அனுப்பு. பேட்டர்னை நான் வரைந்து அனுப்புகிறேன். கோடுகளின் அகலத்தை மட்டும் அவளுடைய உயரத்தைப் பார்த்து நீயே முடிவு செய்.

அன்புடன்,
சாந்தி