நூல் பில்லின் அடியில் இருக்கும் தள்ளுபடி வாசகத்தை மாற்றி எழுதுங்கள்

திருப்பூர், கோவை வட்டார நூல் வியாபாரிகளுக்கு,

வணக்கம். உங்கள் வரவுசெலவுகளை எழுதும் கணக்காளர்கள் நாங்கள். பில்லின் அடியில் “10 நாளில் பணம் கட்டினால் 2% தள்ளுபடி, கெடு 30 நாள்” என்று போடுகிறீர்கள். நல்ல சலுகைதான். ஆனால் அதை வாங்குபவர் ஒரு மாதிரி படிக்கிறார், நீங்கள் ஒரு மாதிரி படிக்கிறீர்கள். மார்ச் மாதம் இருதரப்புக் கணக்கையும் ஒத்துப்பார்க்கும்போது நூறும் இருநூறுமாகத் தொங்கி நிற்கும் வித்தியாசங்கள் பலவும் அங்கிருந்து வருகின்றன.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். நூலின் மதிப்பு ரூ.1,00,000, ஜிஎஸ்டி 5%, மொத்தம் ரூ.1,05,000. தேதி 02.06.2026. இதில் 2% எதன் மேல்? மதிப்பின் மேல் என்றால் ரூ.2,000, மொத்தத்தின் மேல் என்றால் ரூ.2,100. பத்து நாள் எதிலிருந்து? பில் தேதியிலிருந்தா, லாரியில் ஏற்றிய நாளிலிருந்தா, அவர் குடோனில் இறங்கிய நாளிலிருந்தா? பத்தாம் நாள் காசோலை கொடுத்தால் போதுமா, பணம் உங்கள் கணக்கில் ஏறியிருக்க வேண்டுமா? இவற்றில் எதற்கும் அந்த வாசகத்தில் பதில் இல்லை. ஆகவே வாங்குபவர் தனக்குச் சாதகமான பதிலை எடுத்துக்கொள்கிறார். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை.

சதவீதத்தையும் நாள் எண்ணிக்கையையும் எடுத்துவிட்டு, ரூபாயையும் தேதியையும் எழுதுங்கள்:

“12.06.2026 வெள்ளிக்கிழமைக்குள் ரூ.1,03,000 எங்கள் வங்கிக் கணக்கில் வரவானால் இந்த பில் முழுதாகத் தீர்ந்தது, உங்களுக்கு ரூ.2,000 மிச்சம். அதன் பிறகு ரூ.1,05,000, கடைசி நாள் 02.07.2026 வியாழன். பகுதிப் பணத்துக்குத் தள்ளுபடி இல்லை. பணம் அனுப்பும்போது பில் எண்ணைக் குறிப்பிடவும். தள்ளுபடிக்கு ஜிஎஸ்டி இல்லாத கிரெடிட் நோட் தருவோம். நீங்கள் எடுத்த ரூ.5,000 உள்ளீட்டு வரியில் மாற்றம் இல்லை.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தள்ளுபடி வாங்கினால் எடுத்த வரியைத் திருப்ப வேண்டியிருக்குமோ என்ற பயத்திலேயே சிலர் சலுகையைத் தொடுவதில்லை. நீங்கள் முழு வரியையும் கட்டிவிட்டு, தள்ளுபடியை வெறும் வணிகக் கிரெடிட் நோட்டாகக் கொடுக்கும்போது அந்தப் பயத்துக்கு இடமில்லை. தள்ளுபடியை வரி சேர்க்காத மதிப்பின் மேல் கணக்கிடச் சொல்வதும் இதனால்தான்.

பில் எண் கேட்பதற்கும் காரணம் உண்டு. எந்த பில்லுக்கு என்று சொல்லாமலும், வேறு விதத்தில் அது தெரியாமலும் பணம் வந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி அதை நீங்கள் பழைய பாக்கியில் வரவு வைக்கலாம். அவரோ புது பில்லுக்குக் கட்டியதாக நினைத்துத் தள்ளுபடியைக் கழித்திருப்பார். சொல்லி அனுப்பினால் 59ஆம் பிரிவுப்படி அவர் சொன்ன பில்லில்தான் வரவு வைக்க வேண்டும். பழைய பாக்கி உள்ளவருக்குத் தள்ளுபடி கிடையாது என்பது உங்கள் எண்ணமானால், அதையும் சலுகையிலேயே எழுதிவிடுங்கள். பணம் வந்த பிறகு சொன்னால் எடுபடாது.

இனி, சலுகை ஈர்க்கிறதா என்ற கேள்வி. வாங்குபவர் வங்கியில் 12% வட்டிக்கு ஓவர்டிராஃப்ட் எடுத்து ரூ.1,03,000 கட்டுகிறார் என்று வையுங்கள். 30ஆம் நாளுக்குப் பதில் 10ஆம் நாள் கட்டினால் 20 நாள் வட்டி சுமார் ரூ.677. தள்ளுபடி ரூ.2,000. கையில் நிற்பது ரூ.1,300க்கு மேல். யாரும் விடமாட்டார்கள். ஆனால் உங்களிடம் அவர் வழக்கமாக 60 நாளில் கட்டுபவர் என்றால் கணக்கு மாறிவிடும். 50 நாள் வட்டியே ரூ.1,693 ஆகும், மிச்சம் வெறும் ரூ.307. அதற்காக அவர் அவசரப்படப் போவதில்லை. சலுகை எடுபடவில்லை என்று 2%ஐ 3% ஆக்குகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. முதலில் 30 நாள் கெடுவைக் கறாராக்குங்கள். 2% தானாகவே பெரிதாகத் தெரியும்.

உங்கள் பக்கமும் இதே கணக்குதான். 30 நாளில் ஒழுங்காகக் கட்டுபவருக்கு 2% கொடுத்தால், நீங்களும் 12% ஓவர்டிராஃப்டில் இருந்தாலும், ரூ.677 மிச்சப்படுத்த ரூ.2,000 செலவழிக்கிறீர்கள். அவசரத்துக்குப் பணம் தேவைப்படாவிட்டால் அவருக்கு 1% போதும், அதுவும் ரூ.1,000, அவருடைய வட்டிச் செலவை விட அதிகம்தான்.

தேதி தாண்டியும் தள்ளுபடியைக் கழித்து அனுப்புபவர்கள் இருப்பார்கள். ரூ.2,000 பாக்கி என்று அதே வாரத்தில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். முதல் முறை விட்டுக்கொடுக்க நினைத்தால், “இந்த பில்லுக்கு மட்டும்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு விடுங்கள். எழுதாமல் இரண்டு மூன்று முறை விட்டால், 20 நாள் ஆனாலும் தள்ளுபடி உண்டு என்றே அவர் எடுத்துக்கொள்வார். பில்லில் அச்சடித்த தேதியைப் பிறகு காட்டினாலும் அவர் ஏற்கமாட்டார்.

இப்படிக்கு,
உங்கள் கணக்காளர்கள்