வரலட்சுமி விரத பூஜை செட்: கடைசி ஆர்டர் நாளும் பொருட்பட்டியலும் தவறாக இருப்பது குறித்துப் புகார்

திருச்சி
11.08.2025

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

ஐயா / அம்மா,

உங்கள் இணையக் கடையில் விற்கும் ‘வரலட்சுமி விரத பூஜை செட் – 21 பொருட்கள்’ என்ற தொகுப்பை ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை காலையில் பணம் கட்டி ஆர்டர் செய்தேன். விலை 1,499 ரூபாய். ‘கடைசி ஆர்டர் நாள் ஆகஸ்ட் 5, பூஜைக்குள் வந்து சேரும்’ என்று படத்துக்குக் கீழேயே எழுதியிருந்தீர்கள். பெட்டி என் கைக்கு வந்தது ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு. உடனே உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்தேன். பேசிய பெண், “விரதம் இன்னிக்குத்தானே மேடம், இன்னிக்கே டெலிவரி ஆயிடுச்சே” என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடைசி நாளைக் குறித்தவர்களும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு மாதிரிப் பல வீடுகளில் வரலட்சுமி நோன்பு வியாழக்கிழமையே தொடங்கிவிடும். அன்று மதியமே கலசத்தில் பச்சரிசி போட்டு, மஞ்சள் கிழங்கு, பாக்கு, காசு, காதோலை கருகமணி எல்லாம் சேர்த்து, மாவிலை செருகி, தேங்காய் வைத்து, முகம் பொருத்தி, பாவாடை கட்டி முடித்துவிடுவோம். விளக்கேற்றும் நேரத்தில் வாசல்படி அருகிலிருந்து அம்மனை அழைத்து வந்து மண்டபத்தில் வைத்து, வெண்பொங்கல் நைவேத்தியம் செய்வோம். மறுநாள் பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பித்துவிடும் என்பதால், அதற்குள் பூஜையை முடித்துச் சரடு கட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். நீங்கள் அனுப்பிய முகமும் சொம்பும் பாவாடையும் வியாழக்கிழமை மதியம் தேவைப்பட்டவை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தால் எதற்கு ஆகும்? வீட்டுச் சொம்பில் கலசம் வைத்து, தேங்காயில் மஞ்சள் பூசி, கண்ணும் மூக்கும் வரைந்து அம்மனை அழைத்தோம். என் மாமியார் அதை அழகாகவே செய்தார். ஆனால் மருமகளின் தலைநோன்பு இது, அவளுக்காகத்தான் புது செட் வாங்கினோம்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் கலசம் வைக்கும் வீடுகளும் உண்டு. அவர்களுக்கும் பொருள் முதல் நாளே கையில் இருக்க வேண்டும். ஆகவே கடைசி ஆர்டர் நாளை வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணாமல், புதன்கிழமை மாலையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இந்த ஆண்டுக் கணக்கையே பாருங்கள். ஆகஸ்ட் 6 புதனுக்குள் பெட்டி திருச்சிக்கு வர வேண்டும். உங்கள் பக்கத்திலேயே பேக்கிங்குக்கு ஒரு நாள், சென்னையிலிருந்து கூரியருக்கு இரண்டு நாள் என்று போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அனுப்புவதில்லை. அப்படியானால் எங்கள் ஊருக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. சென்னைக்குள் இருப்பவர்களுக்கு 4ஆம் தேதி வரைகூடத் தாங்கும், வெளிமாநிலத்துக்கு இன்னும் முன்னால் போக வேண்டும். எல்லா ஊருக்கும் ஒரே தேதி போட்டது முதல் தவறு. பின்கோடைப் போட்டால் அந்த ஊருக்கான தேதி வருகிற மாதிரி வைத்திருந்தால், நான் கடைத்தெருவுக்குப் போய் வாங்கியிருப்பேன். இந்த விரதம் பௌர்ணமிக்கு முன் வரும் வெள்ளியை ஒட்டி ஆண்டுதோறும் வேறு வேறு தேதியில் வரும். சென்ற ஆண்டு ஆகஸ்ட் 16, இந்த ஆண்டு 8. அதனால் விரத நாளையும் கிழமையோடு பட்டியலின் தலையிலேயே போடுங்கள்.

சரி, இனி பெட்டிக்குள் இருந்தவற்றுக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் ‘மஞ்சள், குங்குமம், கலசம் உள்ளிட்ட 21 பொருட்கள்’ என்றுதான் இருந்தது, முழுப் பட்டியல் எங்கும் இல்லை. பெட்டியில் இருந்தவை: முகம், சொம்பு, பாவாடை, சரடு, காதோலை கருகமணி, மஞ்சள் தூள், மஞ்சள் கிழங்கு, குங்குமம், சந்தனம், ஊதுபத்தி, கற்பூரம், திரி, பாக்கு, கஜவஸ்திரம், ரவிக்கைத் துணி. இவை பதினைந்து. மீதி ஆறு எங்கே என்று தேடினால், ஆறு கண்ணாடி வளையல்களை ஆறு பொருளாக எண்ணியிருக்கிறீர்கள். படத்தில் தெரியும் வாழைக்கன்றும் மாவிலையும் தாழம்பூவும் வராது என்பது எனக்குத் தெரியும், அவை கூரியரில் வாடிவிடும். முதன்முறை நோன்பு எடுக்கும் பெண்ணுக்குத் தெரியாதே. ‘இவை படத்துக்கு மட்டும், நீங்களே வாங்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதினால் அவள் வியாழக்கிழமை மாலை மாவிலைக்கு அலைய மாட்டாள்.

சரடுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. நோன்புச் சரடு என்றால் மஞ்சள் நூல், ஒன்பது இழை, ஒன்பது முடிச்சு. பூஜையில் ஒவ்வொரு முடிச்சுக்கும் தனியாக அர்ச்சனை உண்டு. அதன் பிறகே நடுவில் பூ வைத்து வலது கையில் கட்டிக்கொள்வோம். நீங்கள் அனுப்பியது சிவப்பும் மஞ்சளும் கலந்து மெஷினில் முறுக்கிய கயிறு, ஒரே ஒரு துண்டு, முடிச்சே இல்லை. கோயில் வாசலில் விற்கும் காப்புக் கயிறை எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். எந்த வீட்டிலும் ஒரு பெண் மட்டும் கட்டிக்கொள்வதில்லை. அதனால் சரடு எத்தனை என்ற எண்ணிக்கையும் பட்டியலில் வேண்டும்.

அடுத்தது முகம். ‘சில்வர் அம்மன் முகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வந்திருப்பது ஜெர்மன் சில்வர். அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம், அதில் வெள்ளி துளியும் கிடையாது. அந்த விலைக்கு வெள்ளி கிடைக்காது என்பது வாங்கிப் பழகியவர்களுக்குப் புரியும். ஆனாலும் இருப்பதை இருக்கிறபடி எழுத வேண்டியது விற்பவர் பொறுப்பு. அளவும் போடவில்லை. முகம் நான்கு அங்குல உயரம், சொம்பின் வாய் இரண்டு அங்குலம்கூட இல்லை. அவ்வளவு சிறிய வாயில் தேங்காய் இறங்கி உட்காராது, விளிம்பின் மேல் நிற்கும். அதில் முகத்தையும் கட்டினால் பாரம் முன்பக்கம் போய்க் கலசம் சாயும். அரிசி நிரப்பி, தேங்காய் வைத்துப் பார்த்து எடுத்த புகைப்படங்களை இணைத்திருக்கிறேன். சாய்ந்திருப்பது அவற்றில் தெரியும். சொம்பின் உயரம், வாயகலம், முகத்தின் உயரம், பாவாடையின் நீளம் ஆகிய நான்கு அளவும் இல்லாமல் கலச செட் விற்கக் கூடாது. முகமும் சொம்பும் வேறு வேறு இடத்தில் வாங்கிச் சேர்த்தவை என்று நினைக்கிறேன், பெட்டியில் போடும் முன் ஒருமுறை பொருத்திப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

மஞ்சள் தூளும் குங்குமமும் நல்ல தரம், அதையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை கிராம் என்றுதான் பக்கத்தில் இல்லை.

நான் கேட்பது இவை. தேவைப்பட்ட நாளுக்கு வராத செட்டுக்கு முழுத் தொகையும் திரும்ப வேண்டும். பெட்டியில் எதையும் பூஜைக்குப் பயன்படுத்தவில்லை, உங்கள் செலவில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பொருளையும் பெயர், எண்ணிக்கை, அளவு, உலோகத்தோடு எழுதி, ஊர்வாரியாகக் கடைசி நாள் போடும்வரை அதை எடுத்துவிடுங்கள்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இந்தப் புகாரைப் பெற்றதை நீங்கள் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்குள் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். ஆர்டர் எண் மின்னஞ்சல் தலைப்பில் உள்ளது. பெட்டியை எடுக்க வருபவர் காலை பத்து மணிக்கு மேல் வரலாம், வீட்டில் ஆள் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, டெலிவரி நேரம் காட்டும் குறுஞ்செய்தி, பெட்டியில் இருந்த பொருட்களின் புகைப்படங்கள்