பாஸ்கரனுக்கு, அந்த இரண்டு பக்கெட் சோறு பற்றி

அன்புள்ள பாஸ்கரா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே பதில் போடாததற்குத் திட்டாதே, மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டான், அடுப்படியில் நானே நின்றேன். புதுச்சேரி நெல்லித்தோப்பில் மெஸ் ஆரம்பித்து நாலு மாதத்தில் கூட்டம் நன்றாகவே வருகிறது, ஆனால் சாயங்காலம் இரண்டு பக்கெட் சோறு வெளியே போகிறது, அதைப் பார்த்துத் தங்கச்சி உன்னோடு பேசுவதே இல்லை என்று எழுதியிருந்தாய். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் கடை போட்ட முதல் வருஷம் எனக்கும் இதே கதைதான், என் வீட்டில் பேசாமல் இருக்கவில்லை, பேசினார்கள், அது இன்னும் மோசம்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு பக்கெட்டும் எங்கிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியவில்லை. அண்டாவில் மிஞ்சுவதுதான் எல்லாம் என்று நினைத்து, தினம் ஒரு கிலோ அரிசியைக் குறைத்துப் போட்டேன். 2 மணிக்குச் சோறு தீர்ந்து ஆட்கள் திரும்பிப் போனார்கள், பக்கெட் மட்டும் அப்படியே நிறைந்தது. அப்புறம்தான் மூன்று வாளி வைத்தேன். நறுக்கும்போது போவது ஒன்றில், அண்டாவிலும் சட்டியிலும் மிஞ்சுவது ஒன்றில், எச்சில் இலையிலிருந்து வழிப்பது ஒன்றில். இலை, முருங்கைச் சக்கை, முள் இதெல்லாம் தனியாகப் போய்விடும், தின்னக்கூடியது மட்டும் வாளிக்கு. ராத்திரி கடை மூடும்போது காய்கறித் தராசில் வைத்து நோட்டில் எழுதுவோம். இரண்டு வாரம் எழுதினேன். நாளுக்கு 125 பேர் சாப்பிடும் கடையில் நறுக்கியது 5 கிலோ, அண்டாவில் 6 கிலோ, இலையில் 9 கிலோ! நான் கை வைத்த இடமே தப்பு.

இலையில் ஏன் அவ்வளவு? நாலு நாள் கல்லாவை விட்டுவிட்டு ஓரமாக நின்று பார்த்தேன். நம் சப்ளையர் தட்டால் அள்ளித் தள்ளுகிறானே, அந்த ஒரு தள்ளைப் பிடித்து நிறுத்தால் 420 கிராம் சோறு. சாப்பிடுகிறவர் போதும் என்று கையைக் காட்டுவதில்லை. ஏன் தெரியுமா, இவன் இனி எப்போது திரும்பி வருவானோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் மட்டும் வைத்துக்கொண்டு வருகிற ஆபீஸ்காரர் ரசத்துக்கும் சேர்த்து முதலிலேயே வாங்கிக்கொள்கிறார், சாம்பாரிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது, மிச்சத்தை மடித்துவிட்டு எழுகிறார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்?

அதனால் தட்டை எடுத்துவிட்டு 250 கிராம் பிடிக்கிற எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தேன். முதல் வாரம் நல்ல வசவு. வழக்கமாக வருகிற ஒரு வாத்தியார், "என்னப்பா, பத்தியச் சாப்பாடா?" என்றே கேட்டுவிட்டார். அப்போதுதான் புரிந்தது, கிண்ணத்தை மட்டும் மாற்றினால் போதாது, சோறு தூக்குகிறவன் நடக்கிற நடையும் மாற வேண்டும். ஒரு பையனுக்குச் சோறு தவிர வேறு வேலையே கிடையாது என்று வைத்தேன், கேட்பதற்கு முன்னால் அவன் இலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டாவது தடவை சின்னக் கரண்டி, போதும் என்கிற வரைக்கும். பத்து நாளில் வசவு நின்றது. இலை வாளி 9 கிலோவிலிருந்து 4 கிலோவுக்கு வந்தது, தலைக்கு 160 கிராம் போட்ட அரிசி 130 கிராமாக இறங்கியது. பையனுக்கான சம்பளம் அரிசியிலேயே வந்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன், பாதிக்கு மேல் வருகிறது. பொரியலையும் இப்படிக் குறைத்துப் பார்த்தேன், அது வேலைக்கு ஆகவில்லை. பொரியல் குறைந்தால் இலை காலியாகத் தெரிகிறது, சனங்களுக்கு அது பிடிக்காது. விட்டுவிட்டேன்.

சரி, அண்டாவுக்கு வருகிறேன். இதில்தான் உனக்கு நிறையச் சொல்ல வேண்டும்.

நேற்று எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்து இன்று உலை வைக்காதே. திங்கட்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமைகளைப் பார். எனக்குத் திங்கள்தான் பெரிய நாள், கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கமிருந்தெல்லாம் வருவார்கள். செவ்வாய்க்கிழமை அந்தக் கணக்கில் சமைத்தால் தொலைந்தேன். கடைசி நாலு திங்கள் டோக்கன் கணக்கை எடுப்பேன். ஒரு தடவை 128, 134, 121, 97 என்று இருந்தது. அந்த 97 அரசு விடுமுறை நாள், அதைத் தள்ளிவிட்டு மற்ற மூன்றின் சராசரி 128. பாதிப் பேர் இந்த 97ஐயும் சேர்த்துக் கூட்டிவிட்டு, கணக்கு வேலை செய்யவில்லை என்பார்கள்.

இப்போது 128 பேருக்கு 16.6 கிலோ அரிசி. அதை ஒரேயடியாக வடிக்க மாட்டேன். 100 பேருக்கு 13 கிலோ மட்டும் 11 மணிக்கு வைப்பேன். மிச்ச அரிசி ஊறிக்கொண்டிருக்கும், அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். 12.45க்கு டோக்கன் கட்டைப் பார்ப்பேன். பழைய நோட்டைப் புரட்டினால், என் கடையில் திங்கட்கிழமை அந்த நேரத்துக்குள் மொத்தத்தில் 40 சதவீதம் பேர் சாப்பிட்டிருப்பார்கள். நான் சொல்லும் அந்தத் திங்கள், முந்தின ராத்திரி நல்ல மழை, 12.45க்கு 44 டோக்கன்தான். 44ஐ 0.4ஆல் வகுத்தால் 110. அதாவது இன்னும் பத்துப் பேருக்குச் சோறு போதும். கொஞ்சம் கையிருப்பும் சேர்த்து 2 கிலோ வைத்தேன். கடைசியில் வந்தது 113 பேர். அண்டாவில் மிஞ்சியது ஒரு கிலோவுக்கும் குறைவான சோறு. காலையிலேயே 16.6 கிலோவையும் வடித்திருந்தால் 5 கிலோ மிஞ்சியிருக்கும். வேகாமல் நின்ற ஊறின புழுங்கலரிசியை அன்றே தோசை மாவோடு அரைத்துவிட்டோம், நஷ்டமே இல்லை. இரண்டாவது உலைக்கு முக்கால் மணி நேரம் வேண்டும், அதனால் 12.45ஐத் தாண்டி யோசிக்காதே, யோசித்தால் பந்தி நடுவில் சோறு தீரும்.

இதில் நான் விழுந்த குழி ஒன்று இருக்கிறது. சோறு தீர்ந்த நாளில் நோட்டில் 110 என்று எழுதியிருப்பாய். ஆனால் வந்தது 110 இல்லை, 110க்கு மேல் எட்டுப் பேர் வாசலோடு திரும்பியிருப்பார்கள். அந்த 110ஐயே நம்பி அடுத்த வாரம் சமைத்தால் மறுபடியும் தீரும், மறுபடியும் 110 என்று எழுதுவாய், கணக்கு பார்க்க அழகாக இருக்கும், கடை மெல்லச் சுருங்கும். எனக்கு ஆறு மாதம் அப்படித்தான் வியாழக்கிழமை போனது. இப்போது சோறு எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கல்லாவில் இருக்கிறவர் சிவப்பு மையில் எழுதியே ஆக வேண்டும்.

அண்டா துடைத்த மாதிரி காலியாக வேண்டும் என்ற வீம்பும் வேண்டாம். ஒரு ஆளுக்கான அரிசி ஏழு ரூபாய், சாப்பிடாமல் திரும்புகிற ஒரு ஆளால் எனக்குப் போவது நாற்பது ரூபாய். அதனால் சோற்றில் ஐந்தாறு பேருக்கு மிஞ்சட்டும் என்றே வைப்பேன். வஞ்சிரத் துண்டில் அப்படி வைக்க முடியுமா? ஒன்று மிஞ்சினால் 70 ரூபாய். அதை மசாலா தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன், டோக்கன் வந்தால்தான் கல்லில் போடுவோம்.

உன் ஊர் நாட்கணக்கு வேறு, என்னுடையதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. எனக்கு ஞாயிறு கடையே கிடையாது, உனக்கு அன்றுதான் வெளியூர்க் கூட்டம். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், ஆகஸ்ட் 16ம் உங்களுக்கு விடுமுறை, எங்களுக்கு இரண்டும் சாதாரண வேலை நாள். புரட்டாசியில் மீன் விற்பனை எவ்வளவு விழுகிறது என்பதை இந்த வருஷம் எழுதி வைத்தால்தான் அடுத்த வருஷம் உதவும். நாலு மாத நோட்டை வைத்து அதெல்லாம் சொல்ல முடியாது.

நறுக்கும்போது போவதைப் பற்றித் தங்கச்சிதான் கேட்கச் சொன்னாள் என்று எழுதியிருந்தாய். அவளிடம் சொல், தோலை எடுத்து வைப்பது வேலை இல்லை, அன்றே அதற்கு ஒரு பதார்த்தம் இருக்க வேண்டும், அதுதான் வேலை. நானும் பீர்க்கங்காய்த் தோலை ஆசையாக டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மூன்றாம் நாள் கொட்டியவன்தான். இப்போது செவ்வாய் மதியம் பீர்க்கங்காய்க் கூட்டு என்றால் ராத்திரி தோசைக்குப் பீர்க்கந்தோல் துவையல் என்று பலகையிலேயே எழுதிவிடுகிறோம். 5 கிலோ காயில் சுமார் ஒரு கிலோ தோல், நரம்பை மட்டும் சீவிவிட்டு, எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கி, உளுந்து, மிளகாய், புளியோடு அரைத்தால் தேங்காய்ச் சட்னியில் பாதியைக் குறைக்கலாம். கொத்தமல்லித் தண்டு ரசத்துக்கு. இறால் தலையை இங்கே முதுநகர் துறைமுகத்திலிருந்து வாங்கி வந்த அன்றே கொஞ்சம் எண்ணெயில் சிவக்க வதக்கி, தண்ணீர் ஊற்றி இருபது நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டி, அந்தச் சாற்றைத் தொக்கில் விடுகிறோம். பச்சை பாய்ந்த உருளைக்கிழங்குத் தோல் மட்டும் எதற்கும் ஆகாது, வெட்டித் தூர எறியச் சொல்.

மிஞ்சின சோற்றில் ஜாக்கிரதை. அண்டாவிலேயே மூடி வைத்துச் சாயங்காலம் தயிர் சாதம் கிளறுகிறாய் என்று எழுதியிருக்கிறாயே, அதை இன்றே நிறுத்து. அரிசியில் இருக்கிற ஒரு பாக்டீரியாவின் வித்து கொதியிலும் சாகாது, வெதுவெதுப்பில் மணிக்கணக்காக நின்றால் பெருகி நஞ்சு விடும், அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வாசனையும் காட்டாது. 3 மணிக்கு அகலத் தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்பி, ஆறினதும் ஃபிரிட்ஜில் வை, ராத்திரி கடைக்கு அதை எடு. ஃபிரிட்ஜில் இடம் இல்லை என்றால் மதியமே கடைப் பையன்கள் சாப்பிட்டு முடிக்கட்டும். இலையிலிருந்து வழித்ததை மட்டும் எந்த உருவத்திலும் மறுபடி உள்ளே கொண்டுவராதே, அது மாட்டுக்குத்தான். என்னிடம் பக்கத்துத் தெரு பால்காரர் தினமும் வந்து எடுத்துப்போகிறார்.

வாளி மூன்று வாங்கு, நாளையிலிருந்து நோட்டுப் போடு. இரண்டு வாரக் கணக்கோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா, தங்கச்சியையும் கூட்டி வா. முதுநகர் போய் இறால் வாங்கிக்கொள்வோம், தலையைக் கடைக்காரன் கிள்ளி எறிவதற்கு முன்னால்.

உன்
செல்வம்