வகுப்புப் படங்களைப் பகிரும் முன் ஒரு நிமிடம்

பெற்றோர்களுக்கு வணக்கம். தீபாவளி நடன ஒத்திகைக் காணொளி நம் வகுப்பின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருக்கிறது. அது பொதுக்கணக்கு. அதனால் நீங்கள் எந்த வழியில் பகிர்கிறீர்கள் என்பதைப் பொறுத்து பார்ப்பவர்கள் மாறுவார்கள்.

ரீபோஸ்ட் செய்தால் அது உங்கள் பக்கத்தில் ஒரு தனிப் பகுதியில் தங்கிவிடும். உங்களைப் பின்தொடர்பவர்களின் ஃபீடிலும் வரலாம். நீங்களே எடுக்கும் வரை இருக்கும், அதே ரீபோஸ்ட் குறியை மறுபடி தொட்டால் போய்விடும்.

ஸ்டோரியில் போட்டால் 24 மணி நேரம்தான். உங்கள் கணக்கு பொதுவாக இருந்தால் முன்பின் தெரியாதவரும் பார்க்கலாம். யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் உங்களுக்குக் கிடைக்கும். தாத்தா பாட்டி, சித்தி மாமா மட்டும் போதும் என்றால், அவர்களை மட்டும் Close Friends பட்டியலில் சேர்த்துவிட்டு, போடும்போது அதைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகள் படத்துக்கு இதைத்தான் நான் விரும்புவேன்.

சென்னையில் இருக்கும் பாட்டிக்கு மட்டும் காட்ட, நேரடிச் செய்தியாக அனுப்புங்கள். அந்த உரையாடலில் இருப்பவருக்கு மட்டுமே தெரியும். ஆனால் அவர் அதை வேறு ஒருவருக்கு அனுப்பலாம், ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்கலாம். இன்னொன்று: தனிக்கணக்கில் உள்ள பதிவை அனுப்பினால், அந்தக் கணக்கைப் பின்தொடராதவருக்கு அது திறக்காது. “அனுப்பியது தெரியவில்லை” என்று பாட்டி சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

பிள்ளையின் முகம் வெளியே போக வேண்டாம் என்று நினைப்பவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். மூலப் பதிவை நாங்கள் நீக்கினால், ஆப்பில் பகிர்ந்த இடங்களிலும் அது திறக்காது.