பக்கம் 97 எங்கே இருக்கிறது? பாடநூல் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

தொலைநிலைக் கல்வி இயக்ககத்தின் பாடநூல் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். கோயில் கட்டடக்கலைப் பாடநூலின் அலகு 4 பற்றி நான் இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களும் தங்கள் கோப்பில் இருக்கும். முதல் கடிதத்திற்கு, "பக்க எண்கள் சரியாகவே உள்ளன; மாணவர்கள் உரிய செயலியில் திறந்து பார்க்கவும்" என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதத்திற்குப் பதிலாக ஒரு புதிய கோப்பு வந்தது. அது பழையதைவிட மோசமாக இருப்பதால் மூன்றாவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நடந்தது தங்களுக்குத் தெரியும். அலகு 4 என்பது அச்சுப் புத்தகத்தின் 97 முதல் 128 வரையுள்ள பக்கங்கள். முழு நூலையும் கைப்பேசியில் இறக்குவது பலருக்குச் சுமையாக இருப்பதால், அந்த 32 பக்கங்களை மட்டும் தனி பிடிஎஃப் ஆக்கி வெளியிட்டீர்கள். நல்ல எண்ணம். கோப்பில் சரியாக 32 பக்கங்கள் இருந்தன. அந்த 32 பக்கங்கள் வேறு 32 பக்கங்கள் என்பதுதான் சங்கடம்.

திருப்பூரில் தையல் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் மாணவி ஒருவர், இரவுப் பணி முடிந்து வந்த காலையில் அந்தக் கோப்பைக் கடையில் கொடுத்து அச்செடுத்தார். 32 தாள் என்று எண்ணிப் பார்த்துப் பணம் கொடுத்திருக்கிறார். முதல் 16 பக்கங்கள் பல்லவர் குடைவரைகள். அடுத்த 8 பக்கங்கள் மாமல்லபுரப் புகைப்படங்கள். கடைசி 8 பக்கங்களில்தான் முற்காலச் சோழர் கற்றளிகள் தொடங்குகின்றன. கடைசிப் பக்கம், "புள்ளமங்கைக் கோயிலின் சுவர்ச் சிற்பங்களில்" என்று பாதி வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் அதற்குப் பிறகு வருகிறது. அவர் கையில் அது இல்லை. "பல்லவர் பகுதியை முன்னுரை என்று நினைத்துப் படித்தேன் சார். பாதியில் நின்ற வாக்கியத்தை அச்சுப் பிழை என்று நினைத்துவிட்டேன்" என்றார். தேர்வில் வந்த வினா தஞ்சை விமானத்தைப் பற்றியது. புள்ளமங்கையைப் பற்றித் தெரிந்ததை எழுதிவிட்டு வந்திருக்கிறார். அரசு நூலுக்கு மேல் யாரை நம்புவது என்ற அவருடைய கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

இது எப்படி நேர்ந்தது என்று ஒரு மாலை உட்கார்ந்து எண்ணினேன். தாங்களும் எண்ணிப் பார்க்கலாம். பத்து நிமிடம் போதும். முழு நூல் கோப்பில் 316 பக்கங்கள். முதல் இரண்டு அட்டை. பிறகு பதிப்புரை, முன்னுரை, பொருளடக்கம் என i முதல் xiv வரை 14 பக்கங்கள். ஆகவே அச்சில் '1' என்றிருக்கும் பக்கம் கோப்பில் 17ஆவது. இடைவெளி 16. அச்சுப் பக்கம் 96 முடிந்ததும் எண் இடாத 8 படத்தாள் பக்கங்கள் செருகப்பட்டிருக்கின்றன. அதன்பின் இடைவெளி 24. ஆகவே அச்சுப் பக்கம் 97 கோப்பில் 121ஆவது; 128 கோப்பில் 152ஆவது. கோப்பைப் பிரித்தவர் அச்சு எண்ணை அப்படியே எடுத்துப் பிரிப்பானில் '97-128' என்று தட்டியிருக்கிறார். பிரிப்பானுக்குப் புத்தகம் தெரியாது. தாள் வரிசைதான் தெரியும். 97ஆவது தாளிலிருந்து 128ஆவது தாள் வரை கொடுத்துவிட்டது. 32 கேட்டார், 32 கிடைத்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான்: தாளில் அச்சான எண்ணும் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றாக இருக்கும்படி மூலக்கோப்பைச் செய்து, அதிலிருந்து அலகுகளைச் சரியாகப் பிரித்துத் தாருங்கள்.

இதற்குப் பிடிஎஃப் வடிவிலேயே வழி இருக்கிறது. பக்க லேபிள் என்பார்கள். கோப்பின் எந்தத் தாளிலிருந்து எந்த எண்முறை தொடங்குகிறது என்று உள்ளே எழுதிவைத்தால், திறக்கும் செயலி "97 (121 / 316)" என்பது போல இரண்டு எண்ணையும் காட்டும். எல்லாச் செயலியும் காட்டும் என்று சொல்லமாட்டேன். சில வெறும் தாள் வரிசையை மட்டுமே காட்டும். ஆனால் லேபிளே எழுதப்படாவிட்டால் எதுவும் காட்டாது.

தாங்களும் லேபிள் எழுதினீர்கள். அதனால்தான் இந்த மூன்றாவது கடிதம். 17ஆவது தாளிலிருந்து 1, 2, 3 என்று ஒரே ஓட்டமாகப் போட்டுவிட்டீர்கள். படத்தாள்கள் நடுவில் இருப்பதை மறந்துவிட்டீர்கள். அதனால் புதிய கோப்பில் 96 வரை எல்லாம் பொருந்துகிறது. அதற்குப் பிறகு படத்தாள்கள் 97 முதல் 104 வரை என்று பெயர் சூட்டப்பட்டு, அச்சு 97 திரையில் 105 ஆகிவிடுகிறது. அந்த லேபிளை நம்பிப் பிரித்த இரண்டாவது அலகு 4 கோப்பில் 8 படத்தாள்களும் அச்சுப் பக்கங்கள் 97 முதல் 120 வரையும் இருக்கின்றன. மொத்தம், மறுபடியும், 32. கடைசி 8 பக்கங்கள் காணவில்லை. ஒப்படைப்பில் மேற்கோளுக்குத் திரையில் தெரிந்த பக்கத்தைக் குறித்த மாணவர்களுக்கு, "பக்க எண் தவறு" என்று சிவப்பு மையில் எழுதி மதிப்பெண் குறைத்ததும் தங்கள் இயக்ககத்தின் மதிப்பீட்டாளர்தான். லேபிள் இல்லாத கோப்பு ஊமை. தவறான லேபிள் உள்ள கோப்பு பொய் சொல்கிறது. ஊமையோடு எப்படியாவது பேசிக்கொள்ளலாம்.

சரியான லேபிள் இட விலையுள்ள மென்பொருள் வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் qpdf-இன் புதிய பதிப்புகளில் ஒரே வரிதான்:

```
qpdf nool.pdf puthiya.pdf --set-page-labels 1:D/1/attai- 3:r 17:D 113:D/1/padam- 121:D/97 --
```

முதல் தாளிலிருந்து அட்டை; மூன்றிலிருந்து சிறிய உரோமன் எண்; 17இலிருந்து 1; 113இலிருந்து படம்; 121இலிருந்து மறுபடி 97. இவ்வளவே. கோப்பைப் பிரித்துப் பார்க்கும் தொழில்நுட்பர் யாராவது தங்களிடம் இருந்தால், உள்ளே இந்த வரிசை 0, 2, 16, 112, 120 என்று இருப்பதைக் காட்டுவார். கோப்பு தன் உள்ளே பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. இதோடு சேர்த்தால் ஒரே பக்கத்துக்கு மூன்று எண்கள். குழப்பத்துக்கு நாம் மட்டும் காரணமில்லை என்று ஆறுதல் அடையலாம்.

ஆனால் லேபிள் போட்டுவிட்டால் பிரிப்பான் தானாகத் திருந்திவிடும் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். qpdf, pdftk போன்றவை லேபிளைப் பார்த்துப் பிரிப்பதில்லை. தாள் வரிசையைத்தான் பார்க்கின்றன. லேபிள் சரியாக இருந்தாலும் தட்ட வேண்டியது இதுதான்:

```
qpdf puthiya.pdf --pages . 121-152 -- alagu4.pdf
```

அக்ரோபாட்டில் நிலைமை வேறு. அதன் அமைப்பில் `Use logical page numbers` தேர்ந்திருந்தால், அச்சிடும் பெட்டியில் 97 என்றால் லேபிள் 97. தாள் வரிசையில் 97 வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் (97) என்று எழுத வேண்டும். ஆக, ஒரே '97-128' இரண்டு மேசைகளில் இரண்டு வேறு பாடங்களைத் தரும். இதை அறியாமல் ஒருவர் பிரித்ததை மற்றொருவர் சரிபார்த்தால் இருவரும் நல்லவர்களாகவே இருந்துகொண்டு மாணவரைக் கவிழ்த்துவிடலாம்.

பிரித்த பிறகும் ஒரு வேலை உண்டு. சில கருவிகள் பக்கங்களை வெட்டி எடுக்கும். லேபிள் பட்டியலையோ மூலத்தில் இருந்தபடியே ஒட்டிவிடும். அந்தப் பட்டியல் தாள் வரிசையால் எழுதப்பட்டது என்பதால், வெட்டிய கோப்பின் முதல் பக்கத்திலிருந்து அட்டை, i, ii என்று மறுபடி ஓடும். தங்கள் அலகு 5 கோப்பு இப்போது அப்படித்தான் இருக்கிறது. திறந்ததும் திரையின் மேலே 'அட்டை' என்று வரும், தாளின் அடியில் 129 இருக்கும். வேறு சில கருவிகள் லேபிளைத் தூக்கி எறிந்துவிடும். அப்போது 1, 2, 3 என்று தொடங்கும். அதுவாவது நேர்மை. எனவே வெளியிடும் முன் ஒவ்வொரு அலகுக் கோப்பிலும் முதல் பக்கம், கடைசிப் பக்கம், படத்தாளுக்குப் பின் வரும் முதல் பக்கம் ஆகிய மூன்றையாவது திறந்து, தாளின் அடியில் அச்சாகியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். முதலையும் கடைசியையும் மட்டும் பார்த்தால், நடுவில் ஒரு தாள் விடுபட்டு வேறொன்று இருமுறை வந்தாலும் தெரியாது.

இந்த இடத்தில் தங்களை விட்டுவிட்டு வேறு யாரையாவது கோபித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. பிடிஎஃப் லேபிளில் எண்முறைகள் ஐந்துதான்: சாதாரண எண், பெரிய உரோமன், சிறிய உரோமன், பெரிய ஆங்கில எழுத்து, சிறிய ஆங்கில எழுத்து. முகவுரைப் பக்கங்களுக்குத் தமிழ் எண் இட்ட பழைய பதிப்பு ஒன்றை ஒளிவருடினால் ௧, ௨, ௩ என்று இட எண்முறையே கிடையாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் எண்முறை இல்லாமல் முன்னொட்டை மட்டும் தனித்தனியாக எழுத வேண்டும். 14 பக்கத்துக்கு 14 பதிவுகள். உலகத்தில் உரோமன் எண்ணில் முன்னுரை எழுதியவர்கள் மட்டும்தான் புத்தகம் போட்டார்கள் போலும். ஆனால் அது தங்கள் குற்றமன்று. நம் பாடநூலில் உரோமன் எண்தான் இருக்கிறது. ஆகவே தங்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

எனவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். அச்சு எண்ணும் திரை எண்ணும் ஒத்துப்போகும்படி முழு நூலுக்கும் லேபிள் இட்டு, படத்தாள்களைத் தனியாகப் பெயரிட்டு, அலகு 4, 5 இரண்டையும் புதிதாகப் பிரித்து வெளியிடுங்கள். அறிவிப்பில் "அச்சுப் பக்கம் 97-128, கோப்பில் 121-152" என்று இரண்டையும் குறிப்பிடுங்கள், லேபிள் காட்டாத கைப்பேசிச் செயலி வைத்திருப்பவருக்கு அந்த ஒரு வரிதான் துணை. பழைய இரண்டு கோப்புகளையும் நீக்கிவிடுங்கள். ஒரே பெயரில் மூன்று அலகு 4 உலவினால் எது சரியானது என்று நானே சொல்லமுடியாது. திரை எண்ணைக் குறித்ததற்காகக் குறைக்கப்பட்ட மதிப்பெண்களை மறுபார்வை செய்ய மதிப்பீட்டாளர்களுக்கு ஒரு குறிப்பும் அனுப்புங்கள்.

அந்த மாணவி அடுத்த பருவத்தில் மறுதேர்வு எழுதுகிறார். அதற்கு முன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். காணாமல்போன பக்கங்களை என் புத்தகத்திலிருந்து படமெடுத்து அவருக்கு அனுப்பிவிட்டேன்; அவற்றில் எண் தாளின் அடியிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் தொடர்பு வகுப்பு ஆசிரியர்களில் ஒருவன்