பாராட்டுரை எழுத உதவிய எல்லோருக்கும்

எங்கள் பள்ளியின் நான்காம் வகுப்பு டீச்சருக்கு இந்த ஆண்டு நல்லாசிரியர் விருது. செப்டம்பர் 5 அன்று வெள்ளிப் பதக்கத்தோடு ஊருக்கு வந்து இறங்கினார். எல்லோரும் அவரை வாழ்த்தினீர்கள், சந்தோஷம். ஆனால் அவரைப் பற்றிப் பள்ளி விழாவில் வாசித்த பாராட்டுரையைத் தலைமையாசிரியராக நான் எழுதினேன் என்று பலர் என்னையும் பாராட்டியதால்தான் இதை எழுதுகிறேன். அதை நான் தனியாக எழுதவில்லை.

நான் முதலில் எழுதியதில் அர்ப்பணிப்பு, அயராத உழைப்பு, அன்பே உருவானவர் என்றுதான் இருந்தது. வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் வாசித்துவிட்டு, "பேரை மாத்திட்டா எந்த டீச்சருக்கும் இது பொருந்துமே சார், இவங்க என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு முதல் நன்றி.

டீச்சர் செய்த பெரிய வேலை கழித்தல் கணக்கில் இருந்தது. அதற்கு ஆதாரம் வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் போன வருஷத்து ஜூன் மாத நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போடாமல் சாக்கில் கட்டி வைத்திருந்த இரண்டாம் வகுப்பு டீச்சரம்மா, நீங்கள் இல்லாவிட்டால் பாராட்டுரையே இல்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டாகப் பிரித்தோம். 403-இலிருந்து 168 போனால் எவ்வளவு என்ற கணக்குக்கு 31 பேரில் 19 பேரின் விடை தவறு. அந்தப் பத்தொன்பதில் பெரும்பாலோர் ஒரே விடையை, 365 என்று எழுதியிருந்தார்கள். கவனக்குறைவு என்றால் ஆளுக்கொரு விடைதானே வரும்? டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு வாய்விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார். மூன்றில் எட்டு போகாது, அதனால் எட்டில் மூன்றை எடுத்தேன், பூஜ்யத்தில் ஆறு போகாது, அதனால் ஆறையே வைத்தேன் என்றார்களாம். பிள்ளைகள் தாங்களாகவே ஒரு விதி செய்து அதன்படி ஒழுங்காக நடந்திருக்கிறார்கள்! "கடன் வாங்கு, கடன் வாங்கு" என்று நாங்கள் கத்தியதில் யாரிடம் எதை வாங்குவது என்று அவர்களுக்குப் புரியவே இல்லை.

அப்புறம்தான் ஈர்க்குச்சி வந்தது. பழைய தென்னந்துடைப்பங்களைக் கொடுத்தனுப்பிய அம்மாக்களுக்கும், மதியச் சாப்பாட்டு வேலை முடிந்தபின் அதையெல்லாம் ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு, பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாகக் கட்டித் தந்த சத்துணவு அக்காவுக்கும் நன்றி. நான்கு நூறு கட்டு, மூன்று உதிரிக் குச்சி, அதுதான் 403. எட்டுக் குச்சி எடுக்க உதிரி போதாது, உடைக்கப் பத்துக் கட்டும் இல்லை. ஒரு நூறைப் பிரித்தால் பத்துப் பத்துக் கட்டு, அதில் ஒன்றைப் பிரித்தால் உதிரி 13. இப்போது கையில் 3 நூறு, 9 பத்து, 13 ஒன்று. எடுத்தால் மீதி 235. அந்த 9 எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்குக் கண்ணெதிரே தெரிகிறது.

குச்சியில் சரியாகச் செய்த பலர் தாளில் மறுபடி 365-க்கே போனார்கள். அதனால் நடுவில் சில வாரங்கள் குச்சிக்குப் பதில் நோட்டில் கோடுகளும் கட்டுகளும் வரைய வைத்து, பிறகே வெறும் எண்களுக்குப் போனார் டீச்சர். காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் முன்னறிவிப்பு இல்லாமல் அதே வகைக் கணக்கைக் கொடுத்து, யாருக்கு மறந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்தும் வைத்திருந்தார்.

மார்ச்சில் வேறு எண்கள் போட்டு, டீச்சர் பக்கத்தில் இல்லாமல் சோதனை நடத்தித் தந்த இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர் தங்கச்சிக்கும் நன்றி. பத்தொன்பது பேரில் இருவர் டி.சி. வாங்கிப் போய்விட்டார்கள். மீதி 17 பேரில் 14 பேர் தாளிலேயே சரியாகச் செய்தார்கள். நான் "14 பேர் தேர்ந்தனர்" என்று மட்டும் எழுதியிருந்தேன். டீச்சர் வாசித்துவிட்டு, "அந்த மூணு பேரையும் எழுதுங்க சார், இன்னும் குச்சி வேணும்னு போடுங்க" என்றார். போட்டேன். விழாவில் அந்த வரியை வாசித்தபோது எனக்குக் குரல் தழுதழுத்தது உண்மைதான்.

அந்த மூன்று பேரும் இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறார்கள். பதக்கம் வந்த மறுநாளும் மாலை மணி அடித்தபின் டீச்சர் அந்தக் குச்சிப் பையை எடுத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்புத் திண்ணைக்குத்தான் போனார். பையில் ரப்பர் பேண்டெல்லாம் இற்றுப்போய்விட்டது, யாரிடமாவது இருந்தால் கொடுத்தனுப்புங்கள்.