முன்பள்ளி மாதக் கட்டணத்தை 1,500 ரூபாவிலிருந்து 2,200 ரூபாவாகத் திருத்த அனுமதி கோரல்

வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் கடலோரக் கிராமத்தில் சனசமூக நிலையம் நடத்தும் முன்பள்ளியின் பொருளாளர் என்ற முறையில், பெற்றோர் குழுவின் சார்பில் இந்த மனுவை எழுதுகிறேன். இப்போது 64 பிள்ளைகள் படிக்கிறார்கள். மூன்று ஆசிரியைகளும் ஒரு உதவியாளரும் வேலை செய்கிறார்கள். வலயத்தின் அனுமதி இல்லாமல் கட்டணத்தை மாற்றக்கூடாது என்பது எங்கள் யாப்பில் உள்ள விதி. அதனால்தான் கூட்டத்தில் தீர்மானம் எடுத்தும் ஒரு ரூபாகூட கூட்டி வாங்காமல் தங்களிடம் வந்திருக்கிறோம்.

கட்டணம் கூட்ட வேண்டும் என்றதும் எல்லோரும் மின்சாரக் கட்டணத்தைத்தான் காரணம் சொல்கிறார்கள். 2022 ஓகஸ்டில் அது சராசரியாக 75 வீதம் ஏறியது உண்மை. பிறகு ஏறியும் இறங்கியும் வந்தது, 2025 ஜூனில் மறுபடி 15 வீதம் கூடியது. ஆனால் எங்களிடம் இருப்பவை இரண்டு மின்விசிறியும் ஒரு தண்ணீர் மோட்டரும். மின்சாரம், தண்ணீர் இரண்டுக்கும் சேர்த்து மாதம் 4,500 ரூபாதான். இதைச் சொல்லி 700 ரூபா கூட்டினால் அது பொய்க்கணக்கு.

எங்களை உண்மையில் நெருக்குவது சம்பளம். சட்டப்படியான குறைந்தபட்ச நாட்கூலி 2026 ஜனவரியிலிருந்து 1,200 ரூபா. உதவியாளர் அம்மாவுக்கு மாதம் 20 நாளுக்கு 24,000 ரூபா கொடுக்கிறோம். அதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் நாங்கள் கட்ட வேண்டும், அது 3,600 ரூபா. ஆக 27,600. இதில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. காலை ஏழு மணிக்கு வந்து மலசலகூடம் கழுவுவதில் தொடங்குகிற வேலை அது. சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆசிரியை ஒருவருக்கு நாங்கள் கொடுப்பது 14,000 ரூபா. மாகாணத்திலிருந்து அவர்களுக்கு வரும் படி தனி, அது எங்கள் கையால் போவதில்லை என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் எங்கள் காசேட்டை மட்டும் பார்த்தால், பிள்ளைக்கு எழுத்துக் காட்டுகிறவர் உதவியாளரைவிடக் குறைவாக வாங்குகிறார். போன வருடம் ஒரு ஆசிரியை விலகி நகரத்துப் புடவைக் கடையொன்றில் சேர்ந்தார். அவரை நிற்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி வரவைச் சொல்கிறேன். 64 பிள்ளைகளுக்கு 1,500 ரூபா என்றால் 96,000. இது கொப்பியில் மட்டும் இருக்கிற காசு. 9 பிள்ளைகளுக்கு முழு உதவித்தொகை, 6 பிள்ளைகளுக்கு அரை. அந்த 18,000 ரூபாவைக் கழித்தால் 78,000. அதிலும் சுமார் 8 வீதம் நிலுவையாக நின்றுவிடுகிறது. கையில் சேருவது 71,800 ரூபா அளவில். செலவோ ஆசிரியைகளுக்கு 42,000, உதவியாளருக்கு 27,600, மின்சாரமும் தண்ணீரும் 4,500, கடதாசி, வெண்கட்டி, கிரேயன், பசை போன்றவற்றுக்கு 7,000, திருத்த வேலைக்கு 4,000 என 85,100 ரூபா. மாதா மாதம் 13,300 துண்டு விழுகிறது. காலைச் சாப்பாட்டைப் பெற்றோர் முறை போட்டுக் கொண்டுவருகிறார்கள், பயறு ஒரு நாள், மரவள்ளி ஒரு நாள். இல்லையென்றால் நாங்கள் எப்போதோ கதவைப் பூட்டியிருப்போம். துண்டு விழுவதை இதுவரை நிலையான வைப்பை உடைத்து அடைத்தோம். வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் கூரைக்குத் தகரம் வாங்கித் தருவார்கள், ஊஞ்சல் போட்டுத் தருவார்கள். மாதச் சம்பளத்துக்கு அவர்களிடம் கேட்பது முறையல்ல, கேட்டாலும் ஒவ்வொரு மாதமும் வராது.

700 ரூபா கூட்டினால் 64 பிள்ளைகளுக்கு 44,800 ரூபா கூடுதலாக வரும் என்று கூட்டத்தில் ஒருவர் கணக்குப் போட்டார். அப்படி வராது. கட்டணம் ஏறும்போது கட்ட முடியாதவர்களும் கூடுவார்கள். அதனால் முழு உதவித்தொகையை 12 பிள்ளைகளுக்கும் அரை உதவித்தொகையை 10 பிள்ளைகளுக்கும் என்று முன்கூட்டியே ஒதுக்கியிருக்கிறோம். 2,200 வீதம் 1,40,800. அதில் உதவித்தொகைக்கு 37,400 போக 1,03,400. நிலுவை 8 வீதம் போக 95,100 அளவில். அதாவது உண்மையில் கூடுவது 23,300 ரூபா, கொப்பிக் கணக்கில் பாதிதான். அதில் துண்டு விழுகிற 13,300 போனால் மிச்சம் 10,000. ஆசிரியைகள் மூவருக்கும் தலா 3,000 கூட்டி 17,000 ஆக்கலாம். பிறகு மாதம் 1,000 ரூபா கையில் நிற்கும். அவ்வளவுதான், ஐயா.

ஆகவே இந்தத் திட்டம் உடையக்கூடிய இடம் நிலுவை. அது 12 வீதமானால் மாதம் 3,100 ரூபா மறுபடி துண்டு விழும். எங்கள் ஊரில் கடலுக்குப் போக முடியாத மாதங்களில் நிலுவை ஏறி, தொழில் தொடங்கியதும் இறங்கும். ஆகவே ஒரு மாதக் கணக்கைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. தொழில் நடக்கிற மாதங்களிலும் தொடர்ந்து மூன்று மாதம் 10 வீதத்துக்கு மேல் நின்றால், கட்டணம் அந்தக் குடும்பங்களுக்குத் தாங்கவில்லை என்றே எடுத்துக்கொள்வோம். அப்போது கட்டணத்தை மறுபடி கூட்டமாட்டோம். அரை உதவித்தொகையைக் கூட்டி, எது குறையும் என்பதைக் கூட்டத்தில் வைத்து முடிவெடுப்போம்.

அனுமதிக் கட்டணம் என்று ஒரேயடியாகப் பெரிய தொகை வாங்கலாம் என்ற யோசனையும் வந்தது. நான் எதிர்த்தேன். சப்பாத்து, பை, உடுப்பு எல்லாம் வாங்குகிற அதே மாதத்தில் அது வந்து விழும், இல்லாத வீட்டுப் பிள்ளை வாசலோடு திரும்பிவிடும்.

உதவித்தொகைக்கு அஸ்வெசும பட்டியலை மட்டும் பார்ப்பதில்லை. பட்டியலில் இல்லாத விதவைத் தாய்மாரும் இருக்கிறார்கள். கிராம அலுவலரின் கடிதத்தோடு குழுவில் இருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருவார்கள். கட்டண அட்டை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நிறம். முழுக்கக் கட்டினவருக்கும் கட்டாதவருக்கும் அதே இடத்தில் அதே முத்திரை. யாருக்கு விலக்கு என்பது எனக்கும் தலைவருக்கும் மட்டும் தெரியும், ஆசிரியைகளுக்குக்கூடத் தெரியாது.

கூட்டத்துக்கு 51 வீடுகளிலிருந்து வந்தார்கள். 38 பேர் சம்மதம், 9 பேர் எதிர்ப்பு, 4 பேர் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்த்தவர்களில் ஒரு அம்மம்மா எழும்பி, “சின்னவனுக்கு இவ்வளவு எண்டால், பெரியவன்ர ரியூசன் காசை நான் எங்க போய் எடுக்கிறது?” என்று கேட்டார். சரியான கேள்வி. அவருடைய பேரனுக்கு அரை உதவித்தொகை என்று அடுத்த வாரமே முடிவெடுத்தோம். மற்ற எட்டு வீட்டுக்காரரோடும் பேசினோம். இருவர் இன்னும் சம்மதிக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கூட்ட அறிக்கை, கடந்த 12 மாதக் காசேட்டின் பிரதி, புதிய வரவு செலவுத் திட்டம், பெயர் மறைத்த உதவித்தொகைப் பட்டியல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். முன்பள்ளிக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் நேரில் வந்து பற்றுச்சீட்டுப் புத்தகங்களைப் பார்க்க விரும்பினால், பள்ளி நாட்களில் காலை எட்டு மணிக்கு மேல் நான் அங்கே இருப்பேன். புதிய கட்டண அட்டையை அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால், தங்கள் முடிவை இந்த மாதம் 25ஆம் திகதிக்கு முன் அறியத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொருளாளர்,
முன்பள்ளிப் பெற்றோர் குழு